கஜா இருட்டில் அண்ணாச்சி கடை நோட்டு: புது நோட்டில் எதை எழுதலாம், எதை விடலாம்?

தென்னங்கீற்று

எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்கத்தான் வந்தேன். ஆனால் கதையைச் சொல்லாமல் கேள்வி புரியாது, அதனால் கொஞ்சம் நீளும்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில். தென்னைதான் பிழைப்பு. நான்கு தெரு, ஒரு குளம், ஒரு மளிகைக்கடை. கடைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். மாதக் கணக்கு வைத்து வாங்கும் வீடுகள் 112. பற்று நோட்டு, சிட்டை எல்லாம் போக, அவரிடம் ஒரு நீள நோட்டும் உண்டு. அது போன் நம்பர் நோட்டு. ஒருமுறை அவருடைய போன் கடலை எண்ணெய் டின்னுக்குள் விழுந்து, இருந்த நம்பரெல்லாம் போய்விட்டது. அதற்கப்புறம்தான் தாளில் எழுத ஆரம்பித்தார்.

அந்த நோட்டு பெயர் வரிசையில் இருக்காது. தெரு வரிசையில் இருக்கும். மேலத்தெரு வடக்குப் பக்கம் முதல் வீடு, இரண்டாம் வீடு என்று நடந்துபோகும்போது வீடு வருகிற மாதிரியே எழுதியிருப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு நம்பர்: வீட்டில் இருப்பவர் நம்பர், அப்புறம் பணம் அனுப்புகிறவர் நம்பர். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ துபாயிலோ திருப்பூரிலோ இருப்பார். பாக்கி கேட்க அவரைத்தான் கூப்பிட வேண்டும். வலது ஓரத்தில் அந்த மாதப் பாக்கியைப் பென்சிலால் எழுதி, கட்டியதும் அழித்துவிடுவார்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கஜா எங்களைக் கடந்து போய்விட்டது. காலையில் வெளியே வந்து பார்த்தால் தோப்பு இல்லை, வானம்தான் தெரிந்தது. கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. மொத்தமாக ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பங்கள் சாய்ந்ததாகப் பிறகு அரசு சொன்னது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 19 நாள் ஆனது. செல்போன் டவர் அன்று மதியமே அடங்கிவிட்டது.

தீபாவளி முடிந்து பத்து நாள். அண்ணாச்சி கார்த்திகைக்காக அகல் விளக்கும் விளக்கெண்ணெயும் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார். கார்த்திகைத் தீபம் அந்த வருடம் 23-ஆம் தேதி. எண்ணெய் இரண்டு டின், ஒவ்வொன்றும் 15 கிலோ. மெழுகுவத்தி சனிக்கிழமை காலையிலேயே காலி. எண்ணெயை அவர் விற்கவில்லை. நீள நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு 100 மில்லி, இரண்டு அகல், ஒரு பந்து திரி என்று கொடுத்து, கொடுத்த வீட்டுக்கு நேராக ஒரு டிக் போட்டார். காசு கணக்கில் ஏறியது. 112 வீட்டுக்கும் சேர்த்து பதினோரு லிட்டர் சொச்சம்தான், ஒரு டின்னிலேயே முடிந்துவிட்டது. அடுத்த டின்னை அடுத்த வாரத்துக்கு வைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் நான் நின்றிருந்தேன். அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "தம்பி, வந்தவங்கள விடுங்க. யாரு வரலன்னு பாருங்க" என்றார். டிக் இல்லாத வீடு ஐந்து. மூன்று வீடு பூட்டிக் கிடப்பது எங்களுக்கே தெரியும். ஒரு வீட்டுக்காரர்கள் மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். ஐந்தாவது, கீழத்தெரு கடைசிக்கு முந்தின வீடு. தனியாக இருக்கும் ஒரு அப்பத்தா. போய்ப் பார்த்தால் கொல்லைப்புறச் சுவர் சரிந்து, தாழ்வாரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு நாளாகப் பச்சரிசியை ஊறவைத்துத் தின்றிருக்கிறது. முன்பக்கம் தென்னை விழுந்து வழியை அடைத்துவிட்டதால் கூப்பிட்டும் யாருக்கும் கேட்கவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தோம். மகள் திருப்பூரில். அந்த நம்பர் அப்பத்தாவுக்குத் தெரியாது, எங்கள் யாரிடமும் கிடையாது, நோட்டில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நோட்டை வாங்கிக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். மரத்தை வெட்டி வெட்டி வழி விட்டிருந்தார்கள். ஒரத்தநாடு தாண்டித்தான் சிக்னல் வந்தது. என் போனில் 40 சதவீதம் சார்ஜ். முதலில் திருப்பூர் நம்பர். அப்புறம் வெளிநாட்டு நம்பர்களுக்குப் போட்டால் ஒன்றும் போகவில்லை. அண்ணாச்சி அவரவர் சொன்னபடியே எழுதியிருக்கிறார், முன்னால் நாட்டுக் குறியீடு இல்லை. எட்டு இலக்கம் என்றால் சிங்கப்பூர், முன்னால் +65 போட வேண்டும். 050 என்று ஆரம்பித்தால் துபாய்ப் பக்கம், அந்த முதல் 0-வை எடுத்துவிட்டு +971 போட வேண்டும். இதைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம். கண்டுபிடித்த பிறகு பார்த்தால் என் சிம்மில் வெளிநாட்டுக்குப் பேச காசு இல்லை.

சரி என்று ஒரு வேலை செய்தேன். சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினேன். கூடவே எந்தெந்த வீடு எப்படி இருக்கிறது என்று பேசி அனுப்பினேன். அவர் அறையில் இருந்தவர்களை உட்காரவைத்து ஆளுக்கு இருபது நம்பர் பிரித்துக்கொண்டு எல்லாருக்கும் தகவல் சொல்லிவிட்டார். ராத்திரிக்குள் 70 வீட்டுக்குமேல் செய்தி போய்விட்டது.

இப்போது கேள்வி. அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது, கடையை மகன் பார்க்கிறார். பழைய நோட்டு தாள் தாளாக வருகிறது. பேனாவால் எழுதிய இடமெல்லாம் அன்று நனைந்து கலைந்து போனது, பால்பாயிண்டில் எழுதியது மட்டும் நிற்கிறது. மகன் "எல்லாம் போனில் இருக்கு, நோட்டு எதுக்கு?" என்கிறார். நான் புது நோட்டு எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதில் என்னென்ன இருக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோடம்பாக்கம்காரன்

படித்ததும் 2016 டிசம்பர் 12 ஞாபகம் வந்துவிட்டது, வர்தா. எங்கள் தெருவில் ஆறு நாள் கரண்ட் இல்லை. மாடியில் தண்ணீர் ஏறவில்லை, கீழே சம்ப்பில் இருந்து குடத்தில் மூன்று மாடி தூக்கினோம். என் அம்மாவுக்கு அப்போது 71 வயது.

உங்கள் கேள்விக்குப் பதில் சுலபம். நம்பர்களை கூகுள் கணக்கில் சேமித்துவிட்டால் எந்தப் போனில் நுழைந்தாலும் வந்துவிடும். நோட்டுத் தொலையலாம், நனையலாம், அது தொலையாது. கடைக்காரர் மகனுக்கு நீங்களே அமைத்துக் கொடுங்கள்.

தென்னங்கீற்று

நன்றி. ஆனால் நம்பரைத் தொலைக்காமல் வைப்பது எப்படி என்று நான் கேட்கவில்லை. அன்று சிக்னலே இல்லையே, எந்தக் கணக்கில் நுழைவது? சிக்னல் கிடைத்த இடத்தில் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நோட்டு இருந்ததால் போன் என்னுடையதாக இருந்தாலும் சரி, வழியில் டீக்கடைக்காரருடையதாக இருந்தாலும் சரி, அதை வாங்கிப் பேச முடிந்தது. கடைசி மூன்று அழைப்பு டீக்கடைக்காரர் போனில்தான் போட்டேன்.

பவானிக்கரை

அருமையான மனிதர் அந்த அண்ணாச்சி. நான் ஒன்று சொல்கிறேன். செல் டவர் போனாலும் தரைவழி போன் வேலை செய்யும், அதற்கு வீட்டில் கரண்ட் தேவையே இல்லை. ஊரில் நாலு வீட்டில் தரைவழி இணைப்பு வாங்கச் சொல்லி, அந்த நம்பரை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். பிரச்சினை தீர்ந்தது. இன்னொன்று, சர்க்கரை ஊசி போடுகிற வீடுகளுக்குக் குறி போட்டு வையுங்கள். ஃபிரிட்ஜ் நின்றால் இன்சுலின் ஒரே நாளில் வீணாகிவிடும், முதலில் ஓட வேண்டிய வீடு அதுதான்.

பழைய எக்ஸ்சேஞ்ச்

32 வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பவானிக்கரை சொன்னது முன்பு சரி, இப்போது பாதிதான் சரி.

செப்புக் கம்பியில் வரும் பழைய இணைப்புக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வரும். அங்கே 48 வோல்ட் பேட்டரி வரிசை இருக்கும், அதற்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர். அதனால்தான் வீட்டில் இருட்டாக இருந்தாலும் போனை எடுத்தால் டயல் சத்தம் கேட்கும். அதுவும் சுருள் கம்பி போட்ட சாதாரண போனில்தான். கம்பியில்லாமல் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற போனுக்கு அடியில் இருக்கும் பெட்டி வீட்டுக் கரண்டில் ஓடுவது, அது செத்துவிடும். இப்போது புதிதாகக் கொடுப்பதெல்லாம் ஃபைபர். ஃபைபர் கம்பியில் மின்சாரம் வராது, வெளிச்சம்தான் வரும். வீட்டில் இருக்கும் மோடத்துக்குக் கரண்ட் வேண்டும். ஆகவே இன்று போய் நாலு வீட்டுக்குத் தரைவழி வாங்கிக் கொடுத்தால் கரண்ட் போனதும் அதுவும் போகும். அந்த மோடம் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுவது. சிறிய பேட்டரிப் பெட்டி ஒன்றை இடையில் வைத்தால் சில மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். கம்பியே கம்பத்தோடு அறுந்து விழுந்தால் எந்தப் போனும் கிடையாது. கஜாவில் பல இடத்தில் நடந்தது அதுதான்.

செல் டவருக்கும் கணக்கு உண்டு. பேட்டரி சில மணி நேரம், அப்புறம் ஜெனரேட்டர். டீசல் வண்டி வர ரோடு இல்லையென்றால் டவர் நிமிர்ந்து நின்றும் பயனில்லை. நீங்கள் மதியம் அடங்கியது என்று சொல்வதைப் பார்த்தால் காற்றில் விழாமல் பேட்டரி தீர்ந்த டவராகத்தான் தெரிகிறது.

சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போகிற இடத்தில் பேசிப் பார்த்துப் பேட்டரியைத் தீர்க்காதீர்கள். சாதாரண எஸ்.எம்.எஸ். எழுதி அனுப்பினால் ஒரு நொடி சிக்னல் கிடைத்தாலும் போய்விடும். அந்தப் பக்கம் போன் அணைந்திருந்தாலும் காத்திருந்து சேரும். நோட்டின் அட்டையில் ஒரு வரி எழுதி வையுங்கள்: "முதலில் எஸ்.எம்.எஸ்."

நம்பர் எழுதும்போது வெளிநாட்டு நம்பரை + குறியோடு முழுதாக எழுதச் சொல்லுங்கள். மலேசியா நம்பரும் 01 என்று ஆரம்பிக்கும், அதிலும் முதல் 0 போய் +60 வரும். இன்னொன்று, பழைய தரைவழி போனிலிருந்து செல்போனுக்குப் பேச 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 போட வேண்டும். இது தெரியாமல் நம்பர் தப்பு என்று நினைத்து வைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

மருந்துக்கடை அக்கா

பவானிக்கரை, இன்சுலின் ஒரே நாளில் வீணாகாது. இப்படிப் பயந்து ஃபிரிட்ஜ் நின்றதும் ஐஸ்கட்டிக்குள் புதைத்து வைக்கிறார்கள், அதில்தான் கெடுகிறது. ஒருமுறை உறைந்துபோன இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பிரித்துப் பயன்படுத்துகிற பாட்டில் 25, 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலும் நான்கு வாரம் வரை தாங்கும், சரியான நாள் கணக்கு அந்தந்த மருந்தின் தாளில் இருக்கும். நவம்பர் மாதத்தில் மண்பானைக்குள் பானை வைத்து, இடையில் ஈர மணல் போட்டு, நிழலில் வைத்தால் போதும். பாட்டிலில் தண்ணீர் படக்கூடாது. தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலோ, வெள்ளையாக இருக்கும் கலவை மருந்தை உள்ளங்கையில் உருட்டிய பிறகும் கட்டி கட்டியாகக் கண்ணாடியில் ஒட்டினாலோ போடாதீர்கள்.

முதலில் ஓட வேண்டிய வீடு எது என்று கேட்டால், மூச்சுக்கு ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கும் வீடு. அது கரண்டில்தான் ஓடும். அங்கே நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான்.

ஆனால் நோயின் பெயரை மளிகைக்கடை நோட்டில் எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் "அந்த வீட்டில் ஊசி போடுகிறார்கள்" என்று பேச்சு வந்து, கல்யாணம் தள்ளிப் போனது. கரண்ட் இல்லாவிட்டால் உடனே போய்ப் பார்க்க வேண்டிய வீடு என்று மட்டும் தெரிந்தால் போதும், நம்பரைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். காரணத்தை வீட்டுக்காரர் சொல்லிக்கொள்ளட்டும்.

கணக்கு டீச்சர்

நான் இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் ஊரிலும் கஜாவுக்கு அப்புறம் இதே மாதிரி நடந்தது. தென்னங்கீற்று ஊர் இல்லை, வேறு ஊர், வேறு கடை. கடை நோட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான். அந்தப் பக்கத்தில் எங்கள் வீட்டு நம்பருக்குப் பக்கத்தில் 14,300 என்று இருந்தது. என் அப்பாவுக்கு அந்த வருடம் உடம்பு முடியாமல் போய், நான்கு மாதமாக மளிகைப் பாக்கி நின்றிருந்தது. என் அண்ணனுக்கு அது தெரியாது. அப்பா சொல்லவில்லை. குவைத்தில் அண்ணன் தங்கியிருந்த அறையில் எட்டுப் பேர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

அண்ணன் உடனே பணம் அனுப்பினான், அது வேறு. ஆனால் அப்பா அதற்கப்புறம் அந்தக் கடைக்குப் போகவில்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடைக்குச் சைக்கிளில் போனார், 67 வயதில். அப்பா இப்போது இல்லை.

நோட்டு உதவியது என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் சித்தி வீட்டுக்குச் செய்தி போனதே அதனால்தான். ஆனால் நம்பர் இருக்கும் பக்கத்தில் பாக்கி இருக்கக் கூடாது. இதைக் கேட்டுக்கொள்கிறேன்.

தென்னங்கீற்று

டீச்சர், நீங்கள் எழுதியதைப் படித்ததும் பழைய வாட்ஸ்அப்பைத் தேடிப் பார்த்தேன். அந்தப் படங்கள் இன்னும் மச்சானிடம் இருக்கின்றன. பென்சில் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஒரத்தநாட்டில் சாலையோரம் நின்றபோது எனக்கு அது தோன்றவே இல்லை. பக்கத்தின் வலது ஓரத்தை மடித்துவிட்டு எடுத்திருக்கலாம், அரை நொடி வேலை. எங்கள் ஊரிலும் உங்கள் அப்பா மாதிரி யாராவது பேசாமல் ஒதுங்கியிருப்பார்களா என்று இப்போது ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்க்கிறேன். மச்சானிடம் சொல்லிப் படங்களை அழிக்கச் சொல்லிவிட்டேன். அவர் யார் யாருக்கு அனுப்பினார் என்று அவருக்கே நினைவில்லை.

புது நோட்டில் பாக்கி இருக்காது.

கடலூர் மளிகை

அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். நானும் மளிகைக்கடைதான், அப்பா காலத்திலிருந்து 41 வருடம். 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் கடைக் கூரை பறந்து, மூன்று வாரம் இருட்டில் வியாபாரம் பார்த்தவன்.

டீச்சர் சொல்வது நியாயம். ஆனால் கடைக்காரன் பக்கம் இருந்து ஒன்று சொல்ல வேண்டும். கடை நோட்டில் நம்பர் ஏன் சரியாக இருக்கிறது தெரியுமா? பாக்கி இருப்பதால்தான். மாதம் பிறந்தால் நான் கூப்பிட வேண்டும். நம்பர் போகவில்லை என்றால் அன்றைக்கே வீட்டுக்குப் போய்ப் புது நம்பர் வாங்கி எழுதுவேன். வெளிநாட்டில் இருக்கிறவன் சிம் மாற்றினால் முதலில் தெரிவது அவன் மனைவிக்கு, அடுத்தது எனக்கு. எங்கள் ஊரில் தானேவுக்கு அப்புறம் இளைஞர்கள் சேர்ந்து அழகாக அச்சடித்து ஒரு தொலைபேசிப் புத்தகம் போட்டார்கள். நிவர் வந்த 2020-இல் எடுத்துப் பார்த்தபோது பத்தில் நாலு நம்பர் போகவில்லை. யாரும் அதைத் தினமும் புரட்டுவதில்லை, அதனால் யாரும் திருத்தவும் இல்லை.

பாக்கி இல்லாத தனி நோட்டு எழுதினால், எழுதின வருடம் நன்றாக இருக்கும். மூன்றாவது வருடம் அதுவும் அந்தப் புத்தகம் மாதிரி ஆகிவிடும்.

நான் செய்வது இது. ஒரே நோட்டுதான். இடது பக்கத் தாளில் வீடும் நம்பரும், எதிரே வலது பக்கத் தாளில் பாக்கி. இரண்டும் ஒரே வரியில் நிற்கும். விரித்தால் எனக்கு இரண்டும் தெரியும். யாராவது நம்பர் கேட்டால் வலது தாளைப் பின்பக்கம் மடித்துவிட்டு இடது தாளை மட்டும் காட்டுவேன். இடது தாளில் விலாசமும் நம்பரும் தவிர ஒரு புள்ளி கூட இருக்காது.

கணக்கு டீச்சர்

அண்ணா, நீங்கள் மடிப்பீர்கள். புயல் அடித்த மூன்றாம் நாள் நோட்டு உங்கள் கையில் இருக்குமா? தென்னங்கீற்று அதை பைக்கில் எடுத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் போயிருக்கிறார்.

கடலூர் மளிகை

அது உண்மைதான். நோட்டைக் கையைவிட்டுக் கொடுக்கிற நிலைமை எனக்கு வந்ததில்லை.

குமாஸ்தா ஈரோடு

சட்டப்படியும் இது தப்பு என்று நினைக்கிறேன். தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, வாடிக்கையாளர் நம்பரை அனுமதி இல்லாமல் நோட்டில் எழுதவே கூடாது.

மருந்துக்கடை அக்கா

அந்தச் சட்டம் 2023-இல் வந்தது, கஜா 2018. அதுவும் டிஜிட்டல் தகவலுக்கான சட்டம். தாளில் மட்டும் இருக்கிற நோட்டை அது தொடாது, படமெடுத்துப் போனில் ஏற்றும்போதுதான் அந்தப் பேச்சு வரும். சட்டம் கிடக்கட்டும், வீட்டில் போய் "உங்கள் நம்பரை அவசரத்துக்கு இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். சரி என்றவர் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு டிக்.

வடவாற்றங்கரை

எல்லாரும் நோட்டில் இருப்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு ஒரு கேள்வி. தென்னங்கீற்று, உங்கள் ஊரில் மொத்தம் 112 வீடுதானா? கணக்கு வைத்து வாங்கும் வீடு 112 என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். கடன் கொடுக்காத வீடுகள் எத்தனை? அவர்களுக்கு எண்ணெய் கிடைத்ததா? அவர்கள் வரவில்லை என்பது எந்த டிக்கில் தெரிந்தது?

தென்னங்கீற்று

இதை யாராவது கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

வாய்க்கால் கரையில் 14 வீடுகள் இருக்கின்றன. கீற்று வேய்ந்த வீடுகள். அன்றன்றைக்குக் கூலி வாங்கி, அன்றன்றைக்குக் காசு கொடுத்து கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்குகிறவர்கள். அண்ணாச்சி அவர்களுக்குக் கணக்கு வைத்ததில்லை, அவர்கள் நோட்டில் இல்லை. சனிக்கிழமை நாங்கள் ஐந்து வீடு வரவில்லை என்று எண்ணியபோது அந்தப் பதினான்கு எங்கள் எண்ணிக்கையிலேயே இல்லை. அவர்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்தார்கள். அங்கே கூரை நின்றது, விளக்கு இல்லை. ராத்திரி நிலா நடு ஜாமத்தில் மறைந்ததும் கும்மிருட்டு. திங்கட்கிழமை அந்தப் பக்கம் பிள்ளைக்குப் பால் பவுடர் கேட்டு ஒரு பெண் கடைக்கு வந்த பிறகுதான் அண்ணாச்சிக்கு உறைத்தது. இரண்டாவது டின்னை அன்றே திறந்துவிட்டார். அவர் இப்போதும் அதைச் சொல்லி வருத்தப்படுவார்: "கணக்கில இல்லாதவங்க கண்ணுலயும் இல்லாம போயிட்டாங்களே தம்பி."

முதல் பதிவிலேயே இதை எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டது என் தப்பு.

வடவாற்றங்கரை

சொன்னதற்கு நன்றி. அப்படியானால் நோட்டைக் கடை வரிசையில் எழுதாதீர்கள், ஊர் வரிசையில் எழுதுங்கள். நம்பர் இல்லாவிட்டாலும் வீடு இருக்கட்டும். காலியாக இருக்கும் வரிக்கும் டிக் போட வேண்டி வரும் அல்லவா?

பவானிக்கரை

ஃபைபர் விஷயமும் இன்சுலின் விஷயமும் எனக்குத் தெரியாது, திருத்தியதற்கு நன்றி. எங்கள் பெரியம்மா வீட்டில் ஐஸ் டப்பாவில்தான் வைத்திருக்கிறார்கள், இன்றே சொல்லிவிட்டேன்.

ஒரு சந்தேகம். கடலூர் அண்ணன் சொல்வது போல கடைக்காரர்தான் நம்பரைப் புதுப்பிப்பார் என்றால், கணக்கு இல்லாத வீட்டு நம்பரை யார் புதுப்பிப்பது?

கடலூர் மளிகை

அதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. ரேஷன் கடையில் மாதம் ஒருமுறை எல்லாரும் வருவார்கள், ஆனால் அங்கே யாரும் அந்த வேலையை ஏற்க மாட்டார்கள்.

தென்னங்கீற்று

நேற்று ஞாயிறு. அண்ணாச்சி மகனும் நானும் நோட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். மேலத்தெருவில் ஆரம்பித்து வாய்க்கால் கரையில் முடித்தோம். அண்ணாச்சி பாதி தூரம் கூடவே வந்து, குளத்துக்கரையில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது இருப்பது இப்படி. இடது தாளில் வீடு, இரண்டு நம்பர், வெளிநாடாக இருந்தால் + குறியோடு. எல்லாம் நீல பால்பாயிண்ட். வட்டம் போட வேண்டிய வீடு ஆறு. அதில் ஒரு வீட்டில் வட்டம் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டோம். பாக்கி இந்த நோட்டிலேயே இல்லை. கடலூர் அண்ணன் சொன்னது மனதில் இருக்கிறது. அதனால் மகன் பாக்கிக்காகக் கூப்பிட்டு நம்பர் மாறியிருந்தால் இங்கேயும் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறார். செய்வாரா என்பது ஆடி மாதம் எடுத்துப் பார்த்தால் தெரியும். அட்டையில் "முதலில் எஸ்.எம்.எஸ்." என்று எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டாயிற்று. ஒரு பிரதி பள்ளிக்கூடத்தில் வைக்கலாமா என்று கேட்டோம், இன்னும் முடிவாகவில்லை. ஊரில் இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள்.

வாய்க்கால் கரையில் இப்போது 17 வீடு. 12 வீட்டில் நம்பர் கொடுத்தார்கள். மூன்று வீடு பூட்டியிருந்தது, சாயங்காலம் திரும்பப் போக வேண்டும். ஒரு வீட்டில் "எங்க நம்பர் உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார்கள். விளக்கிச் சொன்னோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள், வீட்டை மட்டும் எழுதிக்கொண்டோம். கடைசி வீட்டில் ஒரு பாட்டி. போன் கிடையாது. "எனக்கு என்னன்னு எழுதுவ?" என்று கேட்டது. "நீங்களே சொல்லுங்க ஆத்தா" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "வேப்ப மரத்தடியில நின்னு கூப்பிட்டா கேக்கும்னு எழுது" என்றது. நம்பர் எழுத வேண்டிய இடத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன்.